ஒரே பில்லில் இரண்டு தள்ளுபடி: எதற்குப் பதிவு உண்டு, எதற்கு இல்லை

கேள்வி: எலக்ட்ரிக்கல் மொத்த வியாபாரத்தில் கணக்கு எழுதுகிறேன். கடனுக்கு விற்கும்போது பில்லிலேயே 20% கழித்துக் கொடுக்கிறோம். பத்து நாளுக்குள் பணம் வந்தால் இன்னும் 2% விட்டுக்கொடுக்கிறோம். இரண்டுமே தள்ளுபடிதானே? ஒன்றுக்கு என்ட்ரி வேண்டாம், மற்றதற்கு வேண்டும் என்கிறார்கள். ஏன்? ஜிஎஸ்டி இதில் எப்படி வரும்?

பதில்:

20% என்ற வணிகத் தள்ளுபடி கழிவது விலையை முடிவு செய்யும் இடத்தில். 2% என்ற ரொக்கத் தள்ளுபடி கழிவது முடிவான விலையை வசூலிக்கும் இடத்தில். கணக்கில் விற்பனை என்று ஒன்று பிறப்பதே விலை முடிவான பிறகுதான். அதனால் வணிகத் தள்ளுபடிக்குப் பேரேட்டில் இடமில்லை. அது பில்லில் மட்டும் தெரியும். ரொக்கத் தள்ளுபடி கழியும் நேரத்தில் வாடிக்கையாளர் பெயரில் ஒரு கடன் ஏற்கெனவே நிற்கிறது. அந்தக் கடனில் ஒரு பகுதி பணமாக வராமல் தீர்கிறது என்றால், அது எங்கே போனது என்பதற்குக் கணக்கு பதில் சொல்லியாக வேண்டும். ரொக்கத் தள்ளுபடிப் பதிவு அந்தப் பதில்தான்.

ஒரே பில்லை முதலிலிருந்து கடைசிவரை எழுதிப் பார்த்தால் தெளிவாகிவிடும். மதுரையில் ஒரு மொத்தக் கடை, தேனியில் ஒரு சில்லறைக் கடை என்று வைத்துக்கொள்வோம். 2025 நவம்பர் 3-ஆம் தேதி தேனிக்கு 50 காயில் வயர் போகிறது. பட்டியல் விலை காயிலுக்கு ₹2,000. ஆக மொத்தம் ₹1,00,000. வணிகத் தள்ளுபடி 20%. மீதி ₹80,000. வயருக்கு ஜிஎஸ்டி 18%. இரண்டு கடையும் தமிழ்நாட்டில் இருப்பதால் சிஜிஎஸ்டி ₹7,200, எஸ்ஜிஎஸ்டி ₹7,200. பில் தொகை ₹94,400. பில்லின் அடியில் உள்ள நிபந்தனை: 30 நாள் கடன், 10 நாளுக்குள் செலுத்தினால் பில் தொகையில் 2% தள்ளுபடி.

நவம்பர் 3 அன்று போட வேண்டிய பதிவு:

தேனி கடை க/கு – பற்று 94,400
விற்பனை க/கு – வரவு 80,000
சிஜிஎஸ்டி (விற்பனை வரி) க/கு – வரவு 7,200
எஸ்ஜிஎஸ்டி (விற்பனை வரி) க/கு – வரவு 7,200

ஒரு லட்சம் என்ற எண்ணும் இருபதாயிரம் என்ற எண்ணும் இந்தப் பதிவில் எங்கும் இல்லை. கையால் விற்பனை ஏடு எழுதுபவர்கள் உள்பத்தியில் 1,00,000 போட்டு, அதில் 20,000 கழித்து, 80,000-ஐ வெளிப்பத்திக்குக் கொண்டுபோவார்கள். அது கணக்கிட்ட வழியைக் காட்டத்தான்; பேரேட்டுக்குப் போவது 80,000 மட்டும். 2% பற்றியும் இன்று ஒரு வரி கூட எழுதக்கூடாது. தேனிக்காரர் பத்து நாளில் கட்டுவாரா, முப்பதாம் நாள் கட்டுவாரா என்று இன்று யாருக்கும் தெரியாது.

ஜிஎஸ்டி சட்டமும் இந்த இடத்தில் கணக்கோடு ஒத்துப்போகிறது. சிஜிஎஸ்டி சட்டத்தின் 15(3)(a) பிரிவின்படி, விற்கும்போதோ அதற்கு முன்போ கொடுத்த தள்ளுபடியைப் பில்லில் காட்டியிருந்தால், வரி போடும் மதிப்பில் அது சேராது. அதனால்தான் 18% என்பது 80,000 மேல் கணக்கிடப்படுகிறது. பட்டியல் விலையைக் காட்டாமல் ‘காயில் ₹1,600’ என்று நேரடியாக நிகர விலையில் பில் போட்டாலும் வரி அதேதான். பட்டியல் விலையும் தள்ளுபடியும் பில்லில் தெரிவதையே நான் விரும்புவேன். பிறகு சரக்கு திரும்பி வரும்போது எந்த விலையில் போனது என்ற வாக்குவாதம் வராது.

இந்த 20 சதவீதத்தையும் செலவாக எழுதினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. விற்பனை 1,00,000, தள்ளுபடிச் செலவு 20,000 என்று எழுதினாலும் நிகர இலாபம் மாறாது என்பது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய வரிகள் எல்லாம் பொய்யாகிவிடும். அந்த 50 காயிலின் கொள்முதல் விலை ₹68,000 என்று வையுங்கள். சரியாக எழுதினால் 80,000 விற்பனையில் மொத்த இலாபம் 12,000, அதாவது 15%. தவறாக எழுதினால் 1,00,000 விற்பனையில் 32,000 இலாபம், அதாவது 32% என்று வியாபாரக் கணக்கு காட்டும். அந்த விலைக்கு யாரும் வாங்கவே இல்லை. அதோடு ஜிஎஸ்டிஆர்-1-ல் 80,000 போயிருக்கும், புத்தகத்தில் 1,00,000 நிற்கும். வருடக் கடைசியில் இரண்டையும் ஒப்பிடும்போது ஒவ்வொரு பில்லுக்கும் விளக்கம் எழுத வேண்டிவரும். மொத்த இலாப விகிதம் திடீரென்று ஏறித் தெரிந்து, அதே அளவுக்குத் தள்ளுபடிச் செலவும் பெரிதாக நின்றால், முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தவறைத்தான்.

டேலியில் இது வேறு வழியில் நுழைகிறது. விற்பனை வவுச்சரில் சரக்கு வரிசையிலேயே உள்ள தள்ளுபடிப் பத்தியில் 20% போட்டால், விற்பனைக் கணக்குக்கு நிகரத் தொகைதான் போகும். அந்தப் பத்தியைத் திறக்காமல், ‘டிஸ்கவுண்ட்’ என்று ஒரு லெட்ஜரை Indirect Expenses கீழே உருவாக்கி, பில்லின் அடியில் கழித்தல் குறியோடு 20,000 போடுகிறார்கள். பில்லைப் பார்த்தால் தள்ளுபடி கழிந்தது போலத்தான் இருக்கும். ஆனால் அந்த லெட்ஜரை வரி மதிப்போடு சேர்த்துக் கணக்கிடும்படி அமைக்கவில்லை என்றால், வரி 1,00,000 மேல் 18,000 என்று விழுந்துவிடும். பில்லில் வரித் தொகையை 0.18-ஆல் வகுத்துப் பாருங்கள். கழித்த பிறகுள்ள தொகை வர வேண்டும். பட்டியல் தொகை வந்தால் லெட்ஜர் அமைப்பு தவறு.

இனி வசூல். நவம்பர் 12 அன்று, ஒன்பதாம் நாள், தேனிக்காரர் 92,512 ரூபாயை வங்கி வழியாக அனுப்புகிறார். 94,400-ல் 2% என்பது 1,888. அன்றைய பதிவு:

வங்கி க/கு – பற்று 92,512
அளித்த தள்ளுபடி க/கு – பற்று 1,888
தேனி கடை க/கு – வரவு 94,400

வாடிக்கையாளர் கணக்கில் வரவு வைப்பது வந்த பணத்தை அல்ல, தீர்ந்த கடனை. புதிதாக எழுதுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். 92,512-ஐ மட்டும் வரவு வைத்து நிறுத்தினால், தேனிக்காரர் பெயரில் 1,888 பாக்கி நிற்கும். நான்கு மாதம் கழித்து யாராவது அவருக்குப் போன் செய்து கேட்பார்கள். அவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கும். கையால் முப்பத்தி ரொக்க ஏடு எழுதுபவர்கள் பற்றுப் பக்கத்தில் தள்ளுபடிப் பத்தியில் 1,888-ம் வங்கிப் பத்தியில் 92,512-ம் போடுவார்கள். ரொக்கப் பத்தியையும் வங்கிப் பத்தியையும் இருப்புக் கட்டுவது போலத் தள்ளுபடிப் பத்தியை இருப்புக் கட்டக்கூடாது. மாதக் கடைசியில் அதைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை அளித்த தள்ளுபடிக் கணக்கில் பற்று வைத்தால் போதும். டேலியில் F6 ரசீது வவுச்சரை இரட்டைப் பதிவு முறைக்கு மாற்றி, தேனி கடையை 94,400-க்கு வரவு வைத்து, அதே பில் எண்ணை Agst Ref கொடுத்து இணைத்து, வங்கியையும் தள்ளுபடியையும் தனித்தனியாகப் பற்று வைக்கலாம்.

தள்ளுபடியைத் தனிக் கணக்கில் வைக்காமல் விற்பனையில் கழித்துவிடக் கூடாதா என்றால், சிறிய நிறுவனங்களுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். அந்த 2% பணம் சீக்கிரம் வருவதற்காக நீங்கள் கொடுக்கும் விலை. முப்பதாம் நாள் வர வேண்டிய பணம் பத்தாம் நாள் வருகிறது. 20 நாள் முன்னதாக 98 ரூபாய் கிடைக்க 2 ரூபாய் விடுகிறீர்கள். 2 ÷ 98 × 365 ÷ 20 என்று போட்டால் வருடத்துக்கு 37 சதவீதத்துக்கும் மேல் வருகிறது. உங்கள் ஓ.டி. வட்டியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தச் சலுகை தொடர வேண்டுமா, 1% ஆக்க வேண்டுமா என்று முதலாளி முடிவெடுக்க, வருடம் முழுவதும் எவ்வளவு போயிற்று என்று ஒரே இடத்தில் தெரிய வேண்டும். இந்திய கணக்கியல் தரம் 115-ஐப் பின்பற்றும் பெரிய கம்பெனிகளுக்கு வழி வேறு. அங்கே ரொக்கத் தள்ளுபடியை விலையின் மாறும் பகுதியாகப் பார்த்து, எவ்வளவு போகும் என்று மதிப்பிட்டு வருவாயிலேயே குறைக்கிறார்கள்.

ஜிஎஸ்டிக்கு வருவோம். மேலே உள்ள பதிவில் வரிக் கணக்கைத் தொடவே இல்லை. 14,400 அப்படியே நிற்கிறது; 1,888 முழுவதும் உங்கள் செலவு. வரியைத் தொடாமல் தள்ளுபடியை மட்டும் காட்டும் இதை வணிகக் கிரெடிட் நோட் என்கிறார்கள். இது ஜிஎஸ்டிஆர்-1-ல் போகாது. வாங்கியவரும் தான் எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்ப வேண்டியதில்லை. மத்திய மறைமுக வரி வாரியம் 2025 செப்டம்பர் 12 தேதியிட்ட 251-ஆம் சுற்றறிக்கையில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

வரியையும் குறைத்துக்கொள்ள வேண்டுமானால் 34-ஆம் பிரிவின்படி ஜிஎஸ்டி கிரெடிட் நோட் போட வேண்டும். 1,888-ஐ வரி உட்பட்ட தொகையாக எடுத்துப் பிரித்தால் 1,600 தள்ளுபடி, 144 சிஜிஎஸ்டி, 144 எஸ்ஜிஎஸ்டி. பதிவு இப்படி மாறும்:

வங்கி க/கு – பற்று 92,512
அளித்த தள்ளுபடி க/கு – பற்று 1,600
சிஜிஎஸ்டி (விற்பனை வரி) க/கு – பற்று 144
எஸ்ஜிஎஸ்டி (விற்பனை வரி) க/கு – பற்று 144
தேனி கடை க/கு – வரவு 94,400

வரும் பணம் ஒன்றுதான். உங்கள் செலவு மட்டும் 288 ரூபாய் குறைகிறது. அந்த 288-ஐத் தேனிக்காரர் தன் வரி வரவிலிருந்து திருப்ப வேண்டும். விற்ற பிறகு கொடுக்கும் தள்ளுபடிக்கு 15(3)(b) பிரிவு வைத்த நிபந்தனைகள் இவை: விற்பதற்கு முன்போ விற்கும்போதோ ஒப்பந்தம் இருக்க வேண்டும், தள்ளுபடி எந்தப் பில்லுக்கு என்று இணைத்துக் காட்ட வேண்டும், வாங்கியவர் வரி வரவைத் திருப்பியிருக்க வேண்டும். முன்கூட்டியே ஒப்பந்தம் வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிடலாம் என்று 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய 56-ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைத்தது. எப்படியிருந்தாலும் ‘10 நாளில் 2%’ என்பதைப் பில்லிலேயே அச்சடித்து வைப்பது நல்லது. நம் உதாரணத்தில் விற்பனை 2025-26 நிதியாண்டில் நடந்தது. அதனால் கிரெடிட் நோட்டை 2026 நவம்பர் 30-க்குள், அல்லது அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்னைத் தாக்கல் செய்வதற்குள், எது முந்தியதோ அதற்குள் காட்டிவிட வேண்டும்.

எது நல்லது? பில்லுக்கு முந்நூறு ரூபாய் வரி மிச்சத்துக்காக நூறு சின்னக் கடைகளிடம் வரி வரவைத் திருப்பினீர்களா என்று கேட்டுக்கொண்டிருப்பது பெரும்பாலும் கட்டுபடியாகாது. பில் தொகை பெரிது, வாங்குபவர் மாதாமாதம் ஒழுங்காக ரிட்டர்ன் போடுபவர் என்றால் ஜிஎஸ்டி கிரெடிட் நோட் சரி. எந்த வழியானாலும் 2% எதன் மேல் என்பதை நிபந்தனையில் எழுதிவிடுங்கள். வரிக்கு முந்தைய 80,000 மேல் மட்டும் என்று எழுதியிருந்தால், வணிகக் கிரெடிட் நோட் வழியில் தள்ளுபடி 1,600, வர வேண்டியது 92,800. எழுதாத இடத்தில் 288 ரூபாய்க்காக இரண்டு கடைக்கும் மனஸ்தாபம் வருகிறது.

பணம் எப்போதும் முழுதாக வருவதில்லை. நவம்பர் 12 அன்று தேனிக்காரர் 46,256 மட்டும் அனுப்பி, ‘தள்ளுபடி போக’ என்று சொல்கிறார் என்று வையுங்கள். பகுதித் தொகைக்கும் சலுகை உண்டு என்று நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால், 46,256-ல் 2% கணக்கிட்டு 925.12 என்று எழுதக்கூடாது. வந்த பணம் ஏற்கெனவே தள்ளுபடி கழிந்தது. அதை 0.98-ஆல் வகுங்கள்: 47,200. இதுதான் தீர்ந்த கடன், தள்ளுபடி 944. மீதி 47,200 அவர் பெயரில் நிற்கும். பாக்கியில் சில்லறைக் காசுகள் தொங்கிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் இந்த வகுத்தலைச் செய்யாததுதான் காரணம்.

தாமதமாகக் கட்டிவிட்டுத் தள்ளுபடியையும் கழித்துக்கொள்பவர்கள் இன்னொரு தொல்லை. கெடு நவம்பர் 13. பணம் 18-ஆம் தேதி வருகிறது, 92,512-தான் வருகிறது. கணக்கு எழுதுபவர் அதைத் தானாகத் தள்ளுபடியில் தள்ளிவிடக் கூடாது. 92,512-ஐ மட்டும் வரவு வைத்து 1,888-ஐ அதே பில்லின் பாக்கியாக வைக்க வேண்டும். விட்டுவிடலாம் என்று முதலாளி சொன்னால் அன்றைய தேதியில் தள்ளுபடிப் பதிவு போடலாம். அந்தச் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். தள்ளுபடி எழுதிய ரசீதுகளில் பில் தேதிக்கும் பணம் வந்த தேதிக்கும் உள்ள இடைவெளியை மாதம் ஒருமுறை பார்த்தாலே, கெடு தாண்டியும் சலுகை வாங்கியவர்கள் தெரிந்துவிடுவார்கள்.

செக் திரும்பினால் நடக்கும் தவறு இதைவிடப் பெரியது. 92,512-க்குச் செக் வந்து, மேலே சொன்ன முதல் வசூல் பதிவும் போட்டாகிவிட்டது. செக் பணமில்லாமல் திரும்புகிறது. வங்கி அறிக்கையைப் பார்த்து 92,512-ஐ மட்டும் திருப்பி எழுதுகிறார்கள். தள்ளுபடி அப்படியே நின்றுவிடுகிறது. பணமே வராதபோது சீக்கிரம் கட்டியதற்கான சலுகை எப்படி இருக்கும்? முழுக் கடனும் உயிர்பெற வேண்டும்:

தேனி கடை க/கு – பற்று 94,400
வங்கி க/கு – வரவு 92,512
அளித்த தள்ளுபடி க/கு – வரவு 1,888

வங்கி பிடித்த செக் திரும்பிய கட்டணத்தை இதோடு கலக்காமல் தனியாக எழுதுங்கள். ஜிஎஸ்டி கிரெடிட் நோட் வழியில் போகிறவர்கள், செக் பாஸான பிறகே கிரெடிட் நோட் போடுவது புத்திசாலித்தனம். முன்பே போட்டுவிட்டால், குறைத்த வரியை மறுபடி ஏற்றுவதற்கு ஒரு டெபிட் நோட்டும் போட வேண்டியிருக்கும்.

கடைசியாகச் சரக்கு திரும்புதல். இரண்டு தள்ளுபடியும் ஒன்றாகச் சேர்ந்து குழப்புவது இங்கேதான். தேனிக்காரர் 5 காயிலைத் திருப்புகிறார். பட்டியல் விலையில் அது 10,000. ஆனால் அவருக்கு அந்த விலையில் விற்கவில்லை. 20% கழித்து 8,000, வரி 1,440, மொத்தம் 9,440. பணம் கட்டுவதற்கு முன்பே திருப்பினால் இந்த 9,440-ஐ அவர் கணக்கில் வரவு வைத்து, மீதி 84,960 மேல் 2% கணக்கிட வேண்டும். விற்பனைத் திருப்பத்தைப் பட்டியல் விலையில் எழுதிவிட்டால், கொடுக்காத 2,000 ரூபாயையும் அதற்கான வரி 360-ஐயும் அவருக்குக் கொடுத்தது போலாகும்.

92,512 கட்டித் தள்ளுபடியும் பெற்ற பிறகு திருப்பினால் இன்னும் கவனம் வேண்டும். அந்த 5 காயிலுக்கு அவர் உண்மையில் கொடுத்தது 9,440-ல் 98%, அதாவது 9,251.20. வணிகக் கிரெடிட் நோட் வழியில் போயிருந்தால் திரும்பிய சரக்குக்கு 9,440-க்கே ஜிஎஸ்டி கிரெடிட் நோட் போட்டு, அந்தச் சரக்குக்கு உரிய தள்ளுபடியைத் திரும்ப எடுக்க வேண்டும்: தேனி கடை பற்று 188.80, அளித்த தள்ளுபடி வரவு 188.80. தள்ளுபடிக்கு ஏற்கெனவே ஜிஎஸ்டி கிரெடிட் நோட் போட்டிருந்தால், காயிலின் வரி மதிப்பு அப்போதே குறைந்துவிட்டது. திரும்பும் 5 காயிலுக்கு மதிப்பு 7,840, வரி 1,411.20, மொத்தம் அதே 9,251.20. இரண்டு வழியிலும் அவருக்குத் திரும்ப வேண்டிய தொகை ஒன்றாகவே வர வேண்டும். வரவில்லை என்றால் பில், வசூல், திருப்பம் என்ற மூன்றில் எங்கோ ஒரு தள்ளுபடி இரண்டு முறை கழிந்திருக்கிறது, அல்லது கழியாமல் விட்டுப்போயிருக்கிறது.